நெற்றிப்பொட்டைத் தட்டும் மனிதர்: கேள்வியே எழாமல் செய்யும் தர்க்கத்தின் வரலாறு

கறுப்புத் தோல் சட்டை அணிந்த இளைஞர் ஒருவர், சுட்டுவிரலைத் தம் நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்த்து முறுவலிக்கும் படத்தை இணையத்தில் பார்க்காதவர் இன்று அரிது. படத்தின் மேல் ஒரே அச்சில் வார்த்த வாக்கியம் ஒன்று இருக்கும். 'வேலைக்கே போகாவிட்டால் உன்னை யாரும் வேலையிலிருந்து நீக்க முடியாது.' 'தேர்வே எழுதாவிட்டால் தேர்வில் தோற்க முடியாது.' 'வங்கிக் கணக்கைப் பார்க்காமல் இருந்தால் நீ ஏழையாக முடியாது.' முதற்பகுதி மேலும் பிற்பகுதி கீழுமாக வாக்கியம் இரண்டாக உடைந்திருக்கும். இடையில் அந்த முறுவல்.

இந்த மீம் பகடி செய்வது ஒருவகை அசட்டுப் புத்திசாலித்தனத்தை. சொல்லப்பட்டது கண்டிப்பான பொருளில் உண்மை. ஆனால் அதனால் எவருக்கும் பயனில்லை. சொல்பவரோ பெரிய உபாயத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ந்திருக்கிறார். மேலே உள்ள மூன்று எடுத்துக்காட்டுகளையும் சற்று நிறுத்திப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். முதலிரண்டும் உண்மையானவை, பயனற்றவை. மூன்றாவது உண்மையே இல்லை. கணக்கைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இருப்பில் உள்ள தொகை அதேதான். இருந்தும் ஒரே படம் மூன்றையும் ஒரே இனமாகக் காட்டுகிறது. இந்த இரண்டு வகைகளும் எங்கே பிரிகின்றன, எங்கே ஒன்றாகக் கலக்கின்றன என்பதில்தான் இந்த மீமின் வரலாறு வெறும் இணைய வேடிக்கையைக் கடந்து செல்கிறது.

படத்தில் இருப்பவர் கயோடே எவூமி என்ற பிரித்தானிய நடிகர். 'ஹூட் டாக்குமென்டரி' என்ற போலி ஆவணத் தொடரில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் ரீஸ் சிம்ப்சன். அந்தப் பாத்திரம் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டப்பெயர் 'ரோல் சேஃப்'. எவூமியும் டைரல் வில்லியம்ஸும் இணைந்து உருவாக்கிய இந்தத் தொடர் முதலில் யூடியூபில் சிறு காணொளிகளாக வெளிவந்தது. பிறகு 2016இல் பிபிசி த்ரீ அதை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் பிபிசி த்ரீ தொலைக்காட்சி அலைவரிசை என்ற நிலையைக் கைவிட்டு முழுக்க இணையத்துக்கு மாறியிருந்தது. சில நிமிடங்களே ஓடும், கைப்பேசியில் பார்த்துப் பகிரத்தக்க நிகழ்ச்சிகள் அதற்குத் தேவைப்பட்ட காலம் அது.

தொடரின் பகடி இரண்டு திசைகளில் செல்கிறது. லண்டனின் வறிய குடியிருப்புகளுக்குப் படக்கருவியோடு சென்று அங்குள்ள கறுப்பின இளைஞர்களின் 'உண்மை வாழ்க்கையை' முகபாவம் மாறாமல் பதிவு செய்யும் ஆவணப்பட மரபு ஒரு திசை. தன்னைப் பெரும் கலைஞனாகவும் தன் பகுதியின் நாயகனாகவும் கருதிக்கொண்டு படக்கருவியின் முன் அளந்துகொண்டே போகும் ரீஸ் மறுதிசை. பட்டப்பெயரே லண்டன் இளைஞர் பேச்சிலிருந்து வந்தது. 'சேஃப்' என்ற சொல் அந்தப் பேச்சில் 'சரி', 'நல்லது', 'நம்மாள்' என்பன போன்ற உடன்பாட்டுப் பொருள்களில் வழங்கும். ஜெனி செஷயர், பால் கெர்ஸ்வில் முதலானோர் 2004 முதல் ஆராய்ந்து 'பன்பண்பாட்டு லண்டன் ஆங்கிலம்' என்று பெயரிட்ட கிளைமொழியின் சூழல் அது.

2016 ஜூனில் பிபிசி த்ரீ வெளியிட்ட காணொளி ஒன்றில், ரேச்சல் என்ற பெண்ணை ரீஸ் புகழ்கிறான். அவள் அழகி, ஏனெனில் அவளுக்கு நல்ல மூளை இருக்கிறது என்று சொல்லும்போதுதான் விரல் நெற்றிப்பொட்டுக்குப் போகிறது. அங்கே 'மூளை' என்ற சொல் சிலேடை. அறிவைக் குறிக்கும் அதே சொல் தெருவழக்கில் பாலுறவுச் செயல் ஒன்றையும் குறிக்கும். அந்த முறுவல் அந்த இரண்டாம் பொருளுக்கானது. ஆக, மூலக் காட்சியில் விரல் சுட்டியது இன்னொருவரின் மூளையை. அந்தப் பாராட்டுக்குள்ளும் ஒரு கேலி ஒளிந்திருந்தது. தன் சொந்த அறிவை மெச்சிக்கொள்ளும் சைகையாக அது அங்கே இருக்கவில்லை.

காணொளியிலிருந்து ஒரு சட்டகத்தை மட்டும் வெட்டியெடுத்தபோது இவை யாவும் கழன்றன. குரல் போயிற்று, கிளைமொழி போயிற்று, ரேச்சல் போனாள், சிலேடை போயிற்று. சைகை மட்டும் எஞ்சியது. பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1969இல் வகுத்த பாகுபாட்டின்படி, பேச்சின் துணையின்றியே ஒரு சமூகத்துக்குள் சொல்லைப் போலப் பொருள் தரும் சைகைகள் தனி வகை. நெற்றிப்பொட்டைத் தட்டுவதும் அவற்றில் ஒன்று. ஆனால் அதன் பொருள் எல்லா இடத்திலும் ஒன்றன்று. 'மூளையைப் பயன்படுத்தினேன்' என்று பொருள்படும் இடமும் உண்டு. 'உனக்கு மூளை குழம்பிவிட்டதா' என்று பொருள்படும் இடமும் உண்டு. ஜெர்மனியில் வாகன ஓட்டி ஒருவர் மற்றவரைப் பார்த்து நெற்றியைத் தட்டிக்காட்டினால், அவமதிப்புக் குற்றத்துக்காக அபராதம் கட்ட நேரலாம். அசையாப் படத்தில் அந்த இரு பொருளும் ஒருங்கே நிற்கின்றன. படத்தில் உள்ளவர் தம்மை அறிவாளி என்கிறார். பார்ப்பவர் அவரை அசடு என்கிறார். இரண்டையும் ஒரே விரல் சொல்கிறது.

படம் 2016இன் இறுதியிலேயே ட்விட்டரில் தலைகாட்டியது. 2017 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் பெருகிப் பரவியது. அப்போதுதான் அதற்கு நிலையான வாக்கிய அச்சும் அமைந்தது: 'ஒன்றைச் செய்யாவிட்டால் மற்றொன்று நேர முடியாது.' இவ்வாறு சில இடங்களைக் காலியாக விட்டு எவரும் நிரப்பிக்கொள்ளும்படி அமைந்த வாக்கிய அச்சுகளுக்கு, 'லாங்குவேஜ் லாக்' வலைப்பதிவில் ஜெஃப்ரி புல்லம் எழுப்பிய தேடலுக்கு விடையாக, 2004இல் 'ஸ்னோகுளோன்' என்ற பெயர் முன்மொழியப்பட்டது. மற்ற ஸ்னோகுளோன்கள் சொற்களாலேயே அடையாளம் காணப்படுபவை. இதிலோ அச்சின் பாதி படம். அதே வாக்கியத்தைப் படமின்றி எழுதினால் யாரோ மெய்யாகவே கூறும் அறிவுரையாகக்கூடத் தோன்றும். படம் வந்து சேர்ந்தவுடன், 'இதைச் சொல்பவன் நானில்லை, இவன்' என்றாகிறது. எவூமி ரீஸுக்குப் பின்னால் நின்று சிரித்ததைப் போலவே, மீமை ஆக்குபவரும் படத்துக்குப் பின்னால் நின்று சிரிக்கிறார். தொடரின் பெயரையே அறியாதவர்களிடமும் அதன் இரட்டைக் குரல் மட்டும் இப்படித் தப்பிப் பிழைத்தது.

இனி அந்த வாக்கியத்தின் உள்ளே செல்லலாம். 'குமரன் தேர்வில் தோற்றான்' என்றால் குமரன் தேர்வு எழுதினான் என்பது சொல்லாமலே பெறப்படும். 'குமரன் தேர்வில் தோற்கவில்லை' என்று எதிர்மறையாக்கினாலும் கேட்பவர் அதையே எடுத்துக்கொள்வார்: எழுதினான், தேறினான். உடன்பாட்டிலும் எதிர்மறையிலும் மாறாமல் நிற்கும் இந்தப் பின்னணிச் செய்தியை மொழியியலில் முன்னனுமானம் என்பர். ஆனால் தேர்வுக் கூடத்தின் பக்கமே போகாத ஒருவனைப் பற்றியும் 'அவன் தோற்கவில்லை' என்று சொல்லலாமே. அது பொய்யாகாதே என்று ஒருவர் வாதிடலாம். தர்க்கப்படி அந்த வாதத்துக்கு இடமுண்டு.

இந்தச் சிக்கலின் நவீன வரலாறு பெர்ட்ரண்ட் ரஸல் 1905இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குகிறது. மன்னராட்சி இல்லாத பிரான்ஸின் 'இன்றைய மன்னர் வழுக்கைத் தலையர்' என்ற வாக்கியத்தை அவர் எடுத்துக்கொண்டார். அப்படியொரு மன்னர் இல்லாததால் அது பொய் என்றார். அதன் எதிர்மறைக்கு இரண்டு வாசிப்புகள் உண்டு என்றும் காட்டினார். 'ஒரு மன்னர் இருக்கிறார், அவருக்கு வழுக்கை இல்லை' என்பது ஒன்று, இது பொய். 'வழுக்கைத் தலையுள்ள மன்னர் ஒருவர் இருக்கிறார் என்பது சரியன்று' என்பது மற்றொன்று, இது மெய். எதிர்மறை எதுவரை எட்டுகிறது என்பதைப் பொறுத்து ஒரே வாக்கியம் இருவேறு நிலைகளை அடைகிறது.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1950இல், பி. எஃப். ஸ்ட்ராசன் இதை மறுத்தார். மன்னரே இல்லாதபோது அந்தக் கூற்று மெய்யுமில்லை, பொய்யுமில்லை. அது மெய்யா பொய்யா என்ற கேள்வியே எழுவதில்லை என்பது அவர் நிலை. 'கேள்வியே எழுவதில்லை' என்ற இந்தத் தொடரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தத்துவக் கட்டுரையின் பக்கங்களுக்கு வெளியே, முற்றிலும் வேறொரு மன்றத்தில், அது மீண்டும் எதிர்ப்படும்.

மீமின் நகைச்சுவை அந்த இரண்டு வாசிப்புகளுக்கு இடையில் விளைகிறது. 'தேர்வே எழுதாவிட்டால் தோற்க முடியாது' என்பவன் தன் வாக்கியம் மெய்யாவதற்கு இரண்டாம் வாசிப்பைப் பயன்படுத்துகிறான்: தேர்வு எழுதித் தோற்றவன் எவனும் இங்கில்லை. ஆனால் அந்த முறுவல் முதல் வாசிப்புக்கு உரியது. தேர்வெழுதி, தோற்காமல், தேறி வந்தவனின் முறுவல் அது. களத்தில் இறங்காதவனின் உண்மையைக் காட்டி, வென்றவனின் பெருமையை அவன் வாங்கிக்கொள்கிறான். அசட்டுத்தனம் என்று நாம் உணர்வது இந்தக் கைமாற்றத்தைத்தான்.

பயனின்மையை விளக்க இன்னொருவர் தேவை. ஸ்ட்ராசனுக்கு ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்த எச். பி. கிரைஸ், 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில், உரையாடலில் நாம் உண்மையை மட்டும் எதிர்பார்ப்பதில்லை என்பதை முறைப்படுத்திக் காட்டினார். சொல்வது போதுமானதாகவும் பொருத்தமானதாகவும் இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறோம். அறிவுரை வடிவில் வரும் ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடன், கேட்பவரின் நோக்கத்தை அது நிறைவேற்றும் என்று கொள்கிறோம். தேர்வைப் பற்றிக் கவலைப்படும் மாணவரின் நோக்கம் தேறுவது. தோல்வி என்ற சொல்லைத் தவிர்ப்பது அவர் நோக்கமன்று. மீம் தோல்வியை நீக்கும்போது தேர்ச்சியையும் சேர்த்து நீக்கிவிடுகிறது.

இதே வாக்கிய அச்சில் சிறிதும் சிரிப்பூட்டாத அறிவுரைகளும் உண்டு என்பதைக் கவனித்தால் இது தெளிவாகும். 'குடித்துவிட்டு வண்டி ஓட்டாமல் இருந்தால், குடிபோதையில் விபத்து ஏற்படுத்த முடியாது.' தர்க்க அமைப்பு அதே. நிபந்தனை தொடர்வதற்கான வாய்ப்பையே அடைத்துவிடுகிறது. ஆயினும் விரலை நெற்றிப்பொட்டில் வைத்த படம் இதற்குப் பொருந்தாது. போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் நோக்கம். குடிக்காமல் ஓட்டியோ வேறொருவரை ஓட்டச் சொல்லியோ அது நிறைவேறும். தீமை போகிறது, நோக்கம் நிற்கிறது. ஆகவே மீமின் இலக்கணத்தை வாக்கிய வடிவில் மட்டும் தேடக்கூடாது. தீமையோடு சேர்ந்து எது தூக்கியெறியப்படுகிறது என்பதிலும் தேட வேண்டும்.

இப்போது மூன்றாவது எடுத்துக்காட்டுக்குத் திரும்பலாம். 'வங்கிக் கணக்கைப் பார்க்காமல் இருந்தால் நீ ஏழையாக முடியாது.' 2017 தொடக்கத்தில் மிகுதியாகப் பகிரப்பட்டது இந்த வாக்கியம்தான். இதில் முன்னனுமானம் எதுவும் நீங்கவில்லை. கணக்கு இருக்கிறது, இருப்பும் இருக்கிறது அல்லது இல்லை. நீங்கியது அறிவு மட்டுமே. 'ஏழை என்று தெரியாது' என்பது 'ஏழை இல்லை' என்றாக மாற்றப்பட்டுவிட்டது. முதல் வகை நிகழ்வையே இல்லாமல் செய்கிறது. இந்த இரண்டாம் வகை நிகழ்வை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறது. முதல் வகையைப் பயனற்றது எனலாம். இரண்டாம் வகை பொய், சமயங்களில் கேடு. கடன் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் கணக்கைப் பார்க்காமலிருப்பவர் நாளுக்கு நாள் இழக்கிறார்.

தனிமனித வாழ்வில் இந்த இரு வகைகளையும் பிரிப்பது எளிது. பொதுவாழ்வில் எளிதன்று, அங்கே மூன்றாவது வகைச் சொற்கள் குறுக்கிடுகின்றன. கணக்கெடுப்பே பொருளின் ஒரு கூறாகிவிட்ட சொற்கள் அவை. 'பதிவான குற்றம்' என்பதில் பதிவு இல்லாவிட்டால் குற்றம் நடந்திருந்தும் அந்தச் சொல் பொருந்தாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழக்கமான வரையறையில், வேலை இல்லாதிருப்பதோடு வேலை தேடுபவராகவும் இருந்தால்தான் ஒருவர் 'வேலையற்றவர்' கணக்கில் சேர்வார். தேடித் தேடிச் சலித்துத் தேடுவதை நிறுத்தியவர் அந்தக் கணக்கிலிருந்து விலகிவிடுவார். இத்தகைய சொற்களைக் கொண்டு வாக்கியம் அமைத்தால், பார்க்காமலிருப்பதே அதை மெய்யாக்கிவிடும். அன்றாடப் பேச்சில் பொய்யாக இருந்த வங்கிக் கணக்கு வாக்கியம், அலுவல் மொழியில் கண்டிப்பான உண்மையாகிவிடுகிறது.

2020 ஜூன் 15 அன்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் வெள்ளை மாளிகைக் கூட்டம் ஒன்றில் கொரோனா பரிசோதனை பற்றிப் பேசும்போது, இப்போதே பரிசோதனையை நிறுத்தினால் நோயாளிகள் மிகச் சிலரே இருப்பார்கள் என்ற பொருள்படக் கூறினார். நெற்றிப்பொட்டைத் தட்டும் படத்தோடு அந்தக் கூற்றை இணைத்த மீம்கள் உடனே பரவின. இணைத்தவர்கள் சரியான படத்தையே தேர்ந்தனர். ஆனால் அந்தக் கூற்று மேற்கண்ட வகைகளில் எதைச் சேர்ந்தது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொரோனா 'கேஸ்' என்ற சொல் அன்றைய புள்ளிவிவரங்களில் பெரும்பாலும் பரிசோதனையில் உறுதியான தொற்றைக் குறித்தது. அந்தப் பொருளில், பரிசோதனை நின்றால் 'கேஸ்' இருக்காது என்பது வரையறைப்படியே உண்மை. மக்கள் காதில் அதே சொல் நோயுற்ற மனிதரைக் குறித்தது. அந்தப் பொருளில் அது பொய். ஒரே சொல் வாக்கியத்தின் முதலில் ஒரு பொருளிலும் முடிவில் வேறு பொருளிலும் நின்றது.

இத்தகைய கூற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? கற்பனை ஊர் ஒன்றைக் கொள்வோம். முதல் வாரம் 1,000 பேருக்குப் பரிசோதனை நடக்கிறது. 50 பேருக்குத் தொற்று உறுதியாகிறது. இரண்டாம் வாரம் 200 பேருக்கு மட்டும் பரிசோதனை. 40 பேருக்குத் தொற்று. 'நோயாளிகள் எண்ணிக்கை 50இலிருந்து 40ஆகக் குறைந்தது' என்ற அறிக்கை எண்ணளவில் தவறில்லாதது. ஆனால் பரிசோதித்தவர்களில் தொற்று உறுதியானவர்களின் விகிதம் 5 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக ஏறியிருக்கிறது. தேடும் பரப்பைச் சுருக்கியதால் எண்ணிக்கை குறைந்திருக்கக்கூடும் என்பதற்கு இது முதல் அறிகுறி. உலகச் சுகாதார அமைப்பு 2020 மே மாதத்தில் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதற்கு முன் இந்த விகிதம் இரண்டு வாரங்களுக்காவது 5 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தியதும் இதனால்தான்.

இந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. இரண்டாம் வாரத்தில் காய்ச்சலும் இருமலும் உள்ளவர்களை மட்டுமே தேர்ந்து பரிசோதித்திருந்தால், தொற்று பரவாமலே விகிதம் உயர்ந்திருக்கலாம். ஆகவே விகிதம் ஏறியது என்பதைக் கொண்டே நோய் பெருகியது என்று சொல்லிவிட முடியாது. போதிய அளவு தேடவில்லை என்று மட்டுமே ஐயுறலாம். அடுத்த சான்று பரிசோதனையைச் சாராத இடத்திலிருந்து வர வேண்டும்: மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர், முந்தைய ஆண்டுகளின் சராசரியை மிஞ்சிய மரணங்கள். வங்கிக் கணக்கைப் பார்க்காதவரின் வறுமை கடைக்காரர் அட்டையைத் திருப்பித் தரும்போது தெரிவதைப் போன்றது இது.

ஐந்து நாள்கள் கழித்து, ஜூன் 20 அன்று, டல்சா நகரப் பேரணியில், பரிசோதனையைக் குறைக்கும்படி தம் ஆள்களிடம் சொன்னதாக டிரம்ப் பேசினார். அது வேடிக்கைப் பேச்சு என்று வெள்ளை மாளிகையினர் விளக்கம் கூறினர். ஜூன் 23 அன்று செய்தியாளர்கள் கேட்டபோது, தாம் வேடிக்கை செய்வதில்லை என்றார் அவர். இந்த மூன்று நாள் இடைவெளி மீமின் வரலாற்றில் கருதத்தக்கது. படம் கூடவே இருக்கும்வரை அந்த வாக்கியம் பகடி. பேசுபவர் ஒருவர், சிரிப்பவர் வேறொருவர். அதிகாரத்தில் இருப்பவர் அதையே நேராகச் சொல்லும்போது, அது பகடியா என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டு இந்திய நாடாளுமன்றத்தில் இதே தர்க்கம் முறுவலும் விரலும் இல்லாமல் வந்தது. 2020 மார்ச் இறுதியில் தொடங்கிய முழு முடக்கத்தின்போது, வேலையும் தங்குமிடமும் இழந்த புலம்பெயர் தொழிலாளர்கள் கால்நடையாகவும் லாரிகளிலும், பின்னர் சிறப்பு ரயில்களிலும் ஊர் திரும்பினர். வழியில் பலர் இறந்தனர். மே 8 அன்று மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அருகே, நடந்த களைப்பில் தண்டவாளத்தில் படுத்துறங்கிய 16 பேர் சரக்கு ரயில் ஏறி இறந்தது நாடறிந்த செய்தி. செப்டம்பர் 14 அன்று மக்களவையில், ஊர் திரும்பும் வழியில் தொழிலாளர்கள் இறந்தது அரசுக்குத் தெரியுமா, அதன் விவரம் என்ன, அவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டதா என்று எழுத்துவடிவில் வினவப்பட்டது. அத்தகைய தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் துறை அமைச்சகம் பதிலளித்தது. இழப்பீட்டைப் பற்றிய பகுதிக்கு அளித்த பதில்: மேற்கூறியதைக் கருதும்போது அந்தக் கேள்வி எழவில்லை.

'கேள்வி எழவில்லை' என்பது இந்தப் பதிலுக்காகப் புதிதாக ஆக்கப்பட்ட தொடரன்று. இந்திய நாடாளுமன்ற விடைகளில் அது நெடுங்கால வாய்பாடு. கேள்வியின் முதற்பகுதிக்கு 'இல்லை' என்று பதில் சொன்னால், அதைச் சார்ந்த அடுத்த பகுதிகளுக்கு இந்த வாய்பாட்டை எழுதுவது வழக்கம். 'அரசு இந்த ஊரில் தொழிற்சாலை அமைக்கவுள்ளதா? ஆம் எனில், எப்போது?' என்ற கேள்விக்கு முதல் விடை 'இல்லை' என்றால், இரண்டாவதற்குக் 'கேள்வி எழவில்லை' என்பது முறையான விடையே. தொழிற்சாலை இல்லாதபோது அதன் தேதி பற்றிய கேள்விக்கு இடமில்லை; ஸ்ட்ராசன் சொன்ன இலக்கணம் அங்கே சரியாகப் பொருந்துகிறது.

செப்டம்பர் 14ஆம் நாள் விடையில் நிகழ்ந்தது வேறு. இழப்பீட்டுக் கேள்வியின் முன்னனுமானம், தொழிலாளர்கள் இறந்தனர் என்பது. அதை நீக்க வேண்டுமானால் 'எவரும் இறக்கவில்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். அமைச்சகம் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 'தரவு இல்லை' என்று மட்டுமே சொன்னது. அந்தக் கூற்று தன்னளவில் உண்மையாகவே இருக்கலாம். மரணங்களைப் பதிவது மாநிலங்களின் உள்ளாட்சி அமைப்புகளும் காவல் நிலையங்களும் ஆதலால், மத்திய அமைச்சகத்திடம் தொகுப்பு இல்லாதிருப்பது வியப்பில்லை. பிழை அந்தக் கூற்றிலிருந்து அடுத்த வரிக்குத் தாவியதில் இருக்கிறது. 'தெரியாது' என்பது 'இல்லை' என்றாயிற்று. 'இல்லை' என்றானபின் இழப்பீட்டுக் கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று. வங்கிக் கணக்கு வாக்கியத்தில் தொடங்கி, தேர்வு வாக்கியத்தில் முடித்த வகை இது. இரண்டு மீம்கள் ஒரே விடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன.

அதே வார இறுதியில், சிறப்பு ரயில்களில் பயணம் செய்தவர்களில் 97 பேர் செப்டம்பர் 9 வரை இறந்ததாக ரயில்வே அமைச்சர் மாநிலங்களவையில் தெரிவித்தார். ஒரு துறைக்கு எழாத கேள்வி, இன்னொரு துறையின் பதிவேட்டில் எண்ணாக இருந்தது. சாலையில் நடந்து இறந்தவர்கள் அந்த 97இல் இல்லை. அவர்களைப் பற்றிய கேள்வி எழுந்தபடியே நிற்கிறது.

ரோல் சேஃப் படம் நாள்தோறும் பகிரப்படும் காலம் கடந்துவிட்டது. எவூமி பிறகு பிபிசி த்ரீயில் 'என்டர்ப்ரைஸ்' என்ற தொடரை எழுதி நடித்தார். வில்லியம்ஸ் 'ரெட் பிட்ச்' நாடகத்தின் ஆசிரியராக அறியப்பட்டார். படம் பிடித்துக் காட்டிய தர்க்கம் அவர்களுக்கு முன்பும் இருந்தது, இனியும் இருக்கும். மீம் செய்த உதவி, அந்தத் தர்க்கத்துக்கு ஒரு முகம் தந்ததுதான். அதன் எல்லையும் அங்கேயே இருக்கிறது. முகம் தெரியும்போது சிரிக்கப் பழகிய கண், முகமில்லாத அலுவல் வாக்கியத்தை எளிதில் கடந்து போய்விடும்.

ஆகவே, 'இல்லை', 'நேரவில்லை', 'பதிவாகவில்லை' என்று முடியும் பொது அறிக்கையைப் படிப்பவர் இரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்கலாம். அந்த வாக்கியம் எந்த வழியில் மெய்யாகிறது: தேர்வெழுதித் தேறியதாலா, எழுதாமலிருந்ததாலா, முடிவைப் பார்க்காமலிருந்ததாலா? பார்க்காமலிருந்ததால் என்றால், அதே நிகழ்வு தடம் பதித்திருக்கக்கூடிய வேறொரு ஏடு எங்கே இருக்கிறது? 2020 செப்டம்பரில் அந்த ஏடு ரயில்வே துறையிடம் இருந்தது. அதைத் திறக்க மாநிலங்களவையில் ஒருவர் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது.